பெரியவர்களின் மலச்சிக்கல்: முதலில் தண்ணீர், பிறகுதான் நார்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கடந்த இரண்டு மாதத்தில் என்னிடம் படித்த மூன்று பேர் தனித்தனியாகப் போன் செய்தார்கள். ஒருவர் பெங்களூரில் இருக்கிறார், ஒருவர் திருப்பூரில், இன்னொருவர் சென்னையில். நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்த பிறகு, மூன்று பேருமே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது ஒரே கேள்விதான். "சார், மலையில அப்பாவுக்கு நாலு நாளா வெளிக்கே போகலையாம். என்ன குடுக்கலாம்?" ஒருவர் அம்மாவுக்காகக் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ன கொடுக்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. ஏன் நின்றது என்பதுதான் முதல் கேள்வி. மூன்று பேருக்கும் ஒரே பாடத்தை நடத்தியதால், எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் மருத்துவன் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து, ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவன். ஆனால் எண்பத்தாறு வயதில் என் அப்பாவுக்கு இது வந்து, அவரைப் பக்கத்திலிருந்து கவனித்தேன். அப்போது மருத்துவர் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னார். அதற்குப் பிறகு நானும் தேடிப் படித்தேன். அவற்றைத்தான் எழுதுகிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுடா, இதுல என்ன வெக்கம், நாலு பேருக்கு ஆகட்டும்" என்றார்.

முதலில் எது மலச்சிக்கல் என்று பார்ப்போம். தினமும் போகவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், முக்காமல், மென்மையாகப் போகிறவருக்குச் சிக்கல் எதுவும் இல்லை. தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து, முக்கி, கல் மாதிரி நாலு உருண்டை போகிறவருக்கு இருப்பதுதான் மலச்சிக்கல். வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போவது, முக்க வேண்டியிருப்பது, கெட்டியாக இருப்பது, போன பிறகும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரி தோன்றுவது, இவைதான் அடையாளங்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற ஊரின் மருத்துவர்கள் மலத்தின் உருவத்தை வைத்தே ஏழு வகையாகப் பிரித்து ஒரு படம் போட்டார்கள். 1997ல் வெளிவந்த அந்தப் படத்தை இன்றைக்கும் உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் வழியில் சொன்னால் ஒன்றாம் எண் ஆட்டுப் புழுக்கை. இரண்டாம் எண் அந்தப் புழுக்கைகள் ஒட்டிச் சேர்ந்த கட்டி. மூன்றாவது மேலே வெடிப்பு விட்ட உருளை. நான்காவது வழவழப்பான வாழைப்பழம். ஐந்தும் ஆறும் இளகியவை, ஏழு வெறும் தண்ணீர். மூன்றும் நான்கும்தான் நமக்கு வேண்டியது. வயதானவர்களிடம் "எப்படிப் போச்சு?" என்று கேட்டால் "போச்சு" என்று மட்டும்தான் சொல்வார்கள். "எத்தனாம் நம்பர்ப்பா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் அந்தப் பேச்சின் கூச்சம் போனது.

இனி அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பா காலம் முழுவதும் சாமையும் கேழ்வரகும் தின்று, காலை வெயில் ஏறுவதற்குள் மேட்டு நிலத்துக்குப் போய்த் திரும்பியவர். ஒரு நாளும் இந்தத் தொல்லை அவருக்கு இருந்ததில்லை. ஓர் ஐப்பசி மழையில் வாசல் பாறையில் வழுக்கி உட்கார்ந்த மாதிரி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்பு வலி. மூன்று வாரம் கட்டிலில்தான் இருந்தார். அந்த மூன்று வாரத்தில் நான்கு விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது, நடை நின்றது. நாம் நடக்கும்போது குடலும் கூடவே அசைகிறது. படுத்தே இருந்தால் குடலும் மந்தமாகிறது.

இரண்டாவது, சாப்பாடு மாறியது. பல் இல்லாதவர், படுத்திருக்கிறார், செரிக்காது என்று கீரை, காய் எல்லாம் நின்றுபோய் வெறும் அரிசிக் கஞ்சியும் ரசம் சோறும் ஆயிற்று. தீட்டிய அரிசி நூறு கிராமில் நார்ச்சத்து ஏறக்குறைய மூன்று கிராம்தான். கேழ்வரகில் அது ஏறக்குறைய பதினொன்று. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் பசி தீர்ந்தது, அது பெரிய விஷயம். ஆனால் மூன்று வேளையும் அதுவே ஆகிவிட்டால் குடலுக்குத் தள்ளுவதற்குச் சரக்கு இல்லாமல் போகிறது.

மூன்றாவது, தண்ணீர் குறைந்தது. வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. மலையில் கார்த்திகை, மார்கழிக் குளிரில் யாருக்கும் தண்ணீர் குடிக்கத் தோன்றாது. இதற்கெல்லாம் மேலே இன்னொரு காரணம் இருந்தது. அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. கழிவறை வீட்டுக்குப் பின்புறம் இருக்கிறது. ராத்திரி ஒன்றுக்கு வந்தால் யாரையாவது எழுப்ப வேண்டும், மறுபடி வழுக்கிவிடுமோ என்ற பயம் வேறு. அதனால் மதியத்துக்குப் பிறகு தண்ணீரையே தொடாமல் இருந்திருக்கிறார். தம்பி மனைவி ஒரு நாள் எண்ணிப் பார்த்தாள். காலையிலிருந்து ராத்திரி வரை நான்கு டம்ளர். எங்கள் வீட்டு டம்ளரில் நூற்றைம்பது மில்லி பிடிக்கும். ஆக மொத்தம் அறுநூறு மில்லி.

நான்காவது, மாத்திரைகள். வலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை, எலும்புக்குக் கால்சியம், ரத்தம் ஏற இரும்புச் சத்து. மூன்றுமே மலத்தைக் கட்டக் கூடியவை. அவற்றில் முதலாவது மோசம். டிரமடால் அபின் குடும்பத்தைச் சேர்ந்த வலி மருந்து. வலியை அடக்குவது போலவே குடலின் அசைவையும் அடக்கிவிடும். இந்த மாதிரி மாத்திரை எழுதினால், கூடவே மலம் இளக என்ன செய்ய வேண்டும் என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். மலம் அங்கே ஒருநாள் கூடுதலாகத் தங்கினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் உறிஞ்சப்படும். இன்னும் கெட்டியாகும். கெட்டியானால் தள்ளுவது கஷ்டம், அதனால் இன்னும் ஒருநாள் தங்கும். வெயிலில் வைத்த களிமண் மாதிரி அது இறுகிக்கொண்டே போகும். அப்பாவுக்கு எட்டு நாள் ஆயிற்று.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஒன்பதாம் நாள் காலை அப்பாவின் வேட்டியில் தண்ணீர் மாதிரி மலம் கசிந்திருந்தது. அன்று மூன்று முறை அப்படி ஆயிற்று. "அப்பாடா, பிச்சுக்கிச்சு" என்று வீட்டில் ஒருவர் நிம்மதிப்பட்டார். "பேதியாகுது, நிறுத்த மாத்திரை வாங்கி வரேன்" என்று இன்னொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு அது பேதியாகத் தெரியவில்லை. பேதி என்றால் அவசரமாக வரும், நிறைய போகும், போனபின் வயிறு இளகும். இங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, கசிவது அவருக்கே தெரியவில்லை. அடிவயிறு கெட்டியாக இருக்கிறது. எட்டு நாளாகக் கட்டியாக எதுவும் வெளியே வரவில்லை. சாப்பாடு வேண்டாம் என்கிறார். சிறுநீரும் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. காலையில் என்னைப் பார்த்து "பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டார். நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன.

ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோனோம். அரசு மருத்துவர் கேட்டதும் அதையேதான். கையுறை மாட்டி ஒரு விரலால் ஆசனவாயில் பரிசோதித்தார். உள்ளே கல் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. மேலே இருக்கிற இளகிய மலம் அந்தக் கல்லைச் சுற்றிப் பக்கவாட்டில் வழிகிறது. கால்வாயில் பாறை அடைத்துக்கொண்டால் ஓரத்தில் தண்ணீர் வழிவதில்லையா, அப்படித்தான். பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டிருந்தால் அடைப்பு இன்னும் இறுகியிருக்கும் என்றார். அந்தக் கட்டி மூத்திரப் பாதையையும் அழுத்தியதால்தான் சிறுநீர் சரியாக இறங்கவில்லை. வயதானவர்களுக்கு இதனாலேயே திடீரென்று புத்தி தடுமாறுவதும் உண்டு.

எனிமா கொடுத்தார்கள். நர்ஸ் ஒருவர் முகம் சுளிக்காமல் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தார். சாயங்காலத்துக்குள் வயிறு இளகியது, சிறுநீர் தாராளமாகப் போயிற்று. மறுநாள் காலை அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டு, காபி சூடாக இல்லை என்று திட்டினார். இதை வீட்டில் யாரும் விரலால் செய்து பார்க்காதீர்கள். உள்தோல் கிழியும், ரத்தம் வரும். சில இதய நோயாளிகளுக்கு நாடித்துடிப்பே குறைந்து மயக்கம் வந்துவிடும். பழகிய கைதான் செய்ய வேண்டும்.

அன்றைக்கு உறவினர் ஒருவர் இசப்கோல் பாக்கெட்டும் கையுமாக வந்திருந்தார். நல்ல எண்ணம்தான். மருத்துவர் "இப்ப இது வேண்டாம்" என்று எடுத்து வைத்துவிட்டார். இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி உப்பும் பொருள். அடைத்திருக்கிற குழாய்க்கு மேலே உப்புகிற பஞ்சைத் திணித்தால் என்ன ஆகும்? நான் மூன்று பேரிடமும் போனில் அடித்துச் சொன்னது இதைத்தான். நார் நல்லதுதான், ஆனால் அதற்கு வரிசை உண்டு. முதலில் அடைப்பு நீங்க வேண்டும். அடுத்து தண்ணீர். அதோடு நடையும் உட்காரும் நேரமும். அதற்குப் பிறகுதான் நார். தண்ணீர் இல்லாத நார் சிமெண்ட் மாதிரி.

வீட்டுக்கு வந்த பிறகு இந்த வரிசையில்தான் செய்தோம்.

மாத்திரைகளை மருத்துவரே பார்த்து மாற்றினார். டிரமடால் மாத்திரைக்குப் பதில் வெறும் பாராசிட்டமால். ரத்தப் பரிசோதனையில் குறை இல்லாததால் இரும்பு மாத்திரையை நிறுத்தினார். கால்சியத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார். பிரஷர் மாத்திரையை மட்டும் தொடரச் சொன்னார். இந்த முடிவுகளை நாமாக எடுக்கக்கூடாது. நாம் செய்ய வேண்டியது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவதுதான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணமும் அந்தப் பையில் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து தருகிறார்களே, அவர்களிடமும் பெரியவருக்கு மலம் கட்டுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடுத்து தண்ணீர். அப்பாவுக்கு இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இல்லை என்பதால், கஞ்சி, மோர், ரசம், டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரட்டும் என்றார் மருத்துவர். எங்கள் டம்ளரில் அது பத்து. பத்து டம்ளரைக் குடி குடி என்றால் யார் குடிப்பார்கள்? அதனால் நேரம் போட்டுப் பிரித்தோம். எழுந்ததும் வெந்நீர் ஒன்று. காலைக் கஞ்சியோடு இரண்டு. பதினொரு மணிக்கு மோர் ஒன்று. மதியம் ரசமும் தண்ணீருமாக இரண்டு. நாலு மணிக்கு டீ ஒன்று. ஆறு மணிக்குள் தண்ணீர் இரண்டு. ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று. ஏழு மணிக்கு மேல் மாத்திரை விழுங்க ஒரு மடக்கு மட்டும். பெரும்பகுதி பகலிலேயே முடிந்துவிடுவதால் ராத்திரி எழுவது கூடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மூத்திரக் குடுவை ஒன்றும் வைத்தோம். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க அவர் பயப்படவில்லை. பாருங்கள், தண்ணீர்ப் பிரச்சினைக்குத் தீர்வு குடுவையில் இருந்தது.

இதய பலவீனம், கால் வீக்கம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு எவ்வளவு என்று மருத்துவர் சொல்கிற அளவுதான்.

பிறகு உட்காரும் நேரம். சாப்பாடு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானாக ஒரு தள்ளு தள்ளும். காலை வேளையில் அது பலமாக இருக்கும். காலைக் கஞ்சி குடித்து இருபது, முப்பது நிமிடத்தில், வருகிறதோ இல்லையோ, பத்து நிமிடம் உட்கார வைத்தோம். வரவில்லை என்றால் முக்கக்கூடாது, எழுந்து வந்துவிட வேண்டும். வயதானவர்கள் மூச்சைப் பிடித்து முக்கினால் அங்கேயே மயங்கி விழக்கூடும்.

உட்காரும் முறையும் முக்கியம். நம் பெரியவர்கள் குந்தி உட்கார்ந்தே பழகியவர்கள். குந்தும்போது ஆசனவாய்க் குழாயின் வளைவு நிமிர்ந்து வழி நேராகிறது. முழங்கால் வலியால் நாற்காலி மாதிரிக் கழிவறைக்கு மாறும்போது அந்த வசதி போய்விடுகிறது. நாங்கள் காலுக்கடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரப்பலகை வைத்தோம். முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்க வேண்டும், உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முழங்கை தொடைமேல் ஊன்றியிருக்க வேண்டும். பிடித்து எழுந்துகொள்ளப் பக்கத்தில் ஒரு கம்பு கட்டினோம். இதற்கெல்லாம் செலவு என்று எதுவும் ஆகவில்லை.

நடை என்றால் பூங்காவில் நடப்பது இல்லை. முதல் வாரம் கட்டிலில் உட்கார்ந்தபடி கால் நீட்டி மடக்குவது, நாற்காலியிலிருந்து பிடித்துக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருவது. இரண்டாம் வாரம் திண்ணை வரை. மூன்றாம் வாரம் வாசல் பலாமரம் வரை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. ஒரே மூச்சில் இருபது நிமிடம் நடக்க வைத்தால் மறுநாள் வலியில் படுத்துவிடுவார்.

ஒரு வாரம் தண்ணீர் பத்து டம்ளருக்கு வந்து நின்ற பிறகுதான் நாரைத் தொட்டோம். அதுவும் வாரத்துக்கு ஒன்றாகத்தான் சேர்த்தோம். முதலில் பருப்போடு குழைய வேகவைத்து மசித்த கீரை. அடுத்த வாரம் மதியச் சோற்றில் பாதி சாமை. கடையில் பளபளவென்று தீட்டிய சாமையில் தவிடு குறைவு, நம் வீட்டு உரலில் குத்தியதில்தான் தவிடு மிச்சம் இருக்கும். அதற்கடுத்த வாரம் காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் பழுத்த பப்பாளி நாலு துண்டு. பல் இல்லாதவருக்குப் பச்சைக் காய்கறி தேவையே இல்லை, குழைய வெந்தாலும் நார் நார்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பி, வாயு நிறைந்து, "இதெல்லாம் எனக்கு ஒத்துக்கலை" என்று அவர் மொத்தமாக நிறுத்திவிடுவார். மெதுவாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை.

இனி மலமிளக்கி. எல்லோரும் கேட்பது இதைத்தானே.

அப்பாவுக்கு லாக்டுலோஸ் என்ற இனிப்பான திரவ மருந்து எழுதினார் மருத்துவர். முதல் வாரம் காலையும் இரவும் பதினைந்து மில்லி, பிறகு இரவு மட்டும். இது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். இன்று குடித்தால் இன்றே வேலை செய்யாது, இரண்டு மூன்று நாள் ஆகும். இது தெரியாமல் மறுநாளே "கேக்கலை" என்று இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், மூன்றாம் நாள் இரண்டும் சேர்ந்து வேலை செய்து பேதியாகிவிடும். தொடக்கத்தில் கொஞ்சம் வாயு இருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று நாள் முழுதாகப் போகவில்லை என்றால் மட்டும் போட ஒரு மாத்திரையும் தந்தார், பைசாகோடில் ஐந்து மில்லிகிராம். இது குடலைத் தட்டி எழுப்புகிற வகை. ராத்திரி போட்டால் காலையில் போகும். பாலோடு விழுங்கக்கூடாது, பால் அதன் மேல்பூச்சை வயிற்றிலேயே கரைத்துவிடும், வயிற்று வலி வரும். ஆறு வாரத்தில் அதை இரண்டே முறைதான் பயன்படுத்தினோம்.

நம் மலையில் கடுக்காய் எல்லோர் வீட்டிலும் இருக்கும். ராத்திரி ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி என்பது பழைய வழக்கம். அதுவும் ஒரு மலமிளக்கிதான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் சொல்வது. கடுக்காயும் கொடுத்து, லாக்டுலோஸும் கொடுத்து, கடைச் சூரணமும் கொடுத்தால் அது மூன்று மருந்து. கடைச் சூரணங்கள் பலவற்றில் நிலாவாரை இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் விளைந்து வெளிநாட்டுக்கெல்லாம் ஏற்றுமதியாகிற இலை அது. பைசாகோடில் மாதிரியே குடலைத் தட்டி எழுப்பும். மூலிகைதானே என்று அளவில்லாமல் கொடுத்துப் பேதியானால், வயதான உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்கள். விளக்கெண்ணெயும் அப்படித்தான். சின்ன வயதில் நமக்கெல்லாம் ஊற்றியதை எண்பது வயதில் ஊற்றக்கூடாது.

இசப்கோல் நடமாடுகிற, நன்றாகத் தண்ணீர் குடிக்கிற பெரியவருக்கு நல்லது. ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், கலக்கி வைத்தால் கூழாகிவிடும். குடித்த உடனே படுக்கக்கூடாது. படுக்கையில் இருப்பவர், விழுங்கச் சிரமப்படுபவர், தண்ணீர் குடிக்காதவர், இவர்களுக்கு வேண்டாம்.

மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருகிற வெள்ளைத் திரவ மருந்து ஒன்று உண்டு. அதில் இருப்பது பெரும்பாலும் மெக்னீசியமும் பாரஃபின் எண்ணெயும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மெக்னீசியம் உடம்பில் தங்கி ஆபத்தாகும். விழுங்கும்போது புரை ஏறுகிறவர்களுக்கு அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் சேரும். பாட்டிலின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இதெல்லாம் நினைவில் நிற்காது என்பதால் ஒரு நாற்பது பக்க நோட்டில் வருகைப் பதிவேடு மாதிரிக் கட்டம் போட்டேன். தேதி, எத்தனை டம்ளர், வெளிக்குப் போனாரா, எத்தனாம் நம்பர், என்ன மருந்து. ஐந்தே கட்டம். தம்பி மனைவியும் பேரனும் மாறி மாறி எழுதினார்கள். மூன்றாம் வாரம் இரண்டு நாள் தொடர்ந்து இரண்டாம் நம்பர் வந்திருந்தது. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தால் தண்ணீர் ஆறு டம்ளர்தான். உறவில் ஒரு கல்யாணம், வீட்டில் யாரும் இல்லை. மருந்தைக் கூட்டவில்லை, தண்ணீரைத்தான் கூட்டினோம். நாலாம் நாள் சரியாயிற்று. ஐந்தாம் வாரம் ஆறாம் நம்பர் வந்ததும் மருத்துவரிடம் நோட்டைக் காட்டினோம். லாக்டுலோஸைப் பத்து மில்லியாகக் குறைத்தார். இன்றைக்கும் அந்தப் பத்து மில்லி போய்க்கொண்டுதான் இருக்கிறது. மருந்தே இல்லாமல் ஆகவில்லையே என்று அப்பா கேட்டார். இந்த வயதில் சிறிய அளவில் தொடர்வது தவறில்லை, திடீரென்று நிறுத்தி மறுபடி அடைப்பதுதான் தவறு என்றார் மருத்துவர்.

கடைசியாக, வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுக்கூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம், அப்போது எந்த மலமிளக்கியும் கொடுக்கக்கூடாது. பல நாள் போகாமல் இருந்து தண்ணீராகக் கசிந்தால், சிறுநீர் நின்றால், திடீரென்று புத்தி தடுமாறினால் அன்றைக்கே போக வேண்டும். மலத்தில் ரத்தம், தாரைப் போலக் கறுப்பான மலம், காரணமில்லாத எடைக் குறைவு, வழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் நீடிப்பது, இவற்றையும் தள்ளிப் போடாதீர்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் எதனால் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். தைராய்டு குறைவாலும் மலம் கட்டும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. "சாப்பிட்டியாப்பா?" என்று தினமும் கேட்கிறீர்கள். அதோடு "இன்னைக்கு எத்தனை டம்ளர் தண்ணி? கடைசியா என்னைக்குப் போனே?" என்று இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். மூன்று நாள் தாண்டியது என்றால் ஊரில் இருப்பவர்களிடம் பேசுங்கள். ஒன்பதாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

நோட்டில் கட்டம் எப்படிப் போட்டேன் என்று வேண்டுபவர்கள் கீழே சொல்லுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன். கூச்சமாக இருந்தால் போன் செய்யுங்கள். என் பழைய எண்தான்.

அன்புடன்
உங்கள் ஆசிரியர்